ஸ்லைடு கைப்பிரதி: டோனர் காலி, எழுத்தும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

வகுப்பறை_வாணி
பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் எடுக்கிறேன். மின்மாற்றி பற்றி 48 ஸ்லைடு வைத்திருக்கிறேன், இணையத்தில் இறக்கிய டெம்ப்ளேட், கருநீலப் பின்னணி, வெள்ளை எழுத்து. திரையில் அழகாக இருக்கிறது. 60 பேருக்குக் கைப்பிரதி கொடுக்கலாம் என்று ஒரு பக்கத்துக்கு 6 ஸ்லைடு வீதம் ஆளுக்கு 8 பக்கம், மொத்தம் 480 பக்கம் அடிக்க ஆரம்பித்தேன். புது கார்ட்ரிட்ஜ், பெட்டியில் 1500 பக்கம் என்று போட்டிருந்தது. 300 பக்கம் தாண்டுவதற்குள் வெளிற ஆரம்பித்துவிட்டது. ஆபீஸில் "மேடம், புத்தகமே அச்சடிச்சீங்களா" என்று கேட்கிறார்கள்.

அதைவிட மோசம், அடித்ததையும் படிக்க முடியவில்லை. ஒரு பையன் ஃபியூஸ் 25 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறான். ஸ்லைடில் இருப்பது 2.5. புள்ளி காகிதத்துக்கே வரவில்லை. தமிழ் எழுத்துகளிலும் மெய்யெழுத்துப் புள்ளிகள் பாதி காணோம். பிரிண்டர் கோளாறா, நான் செய்தது கோளாறா?

சிக்கனம்_சிவா
ரொம்ப சுலபம் மேடம். பிரிண்டர் பிராபர்டீஸில் கிரேஸ்கேல் போடுங்கள், கூடவே டோனர் சேவ் இருந்தால் அதையும் டிக் செய்யுங்கள். நான் வீட்டில் எல்லாவற்றையும் அப்படித்தான் அடிக்கிறேன், கார்ட்ரிட்ஜ் வருஷக்கணக்கில் வருகிறது.

நிலாக்கதிர்
கருநீலப் பின்னணியை மாற்றாதீர்கள், அதுதான் கண்ணுக்கு இதம். வெள்ளைப் பின்னணி வைத்தால் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குக் கண் கூசும். வேண்டுமானால் விளக்கை அணைத்துவிட்டுப் பாடம் எடுங்கள்.

வகுப்பறை_வாணி
@நிலாக்கதிர் திரையைப் பற்றிக் கேட்கவில்லைங்க, காகிதத்தில் அடிப்பதைப் பற்றித்தான் கேட்கிறேன் :) திரையில் அது அப்படியே இருக்கட்டும்.

@சிவா அடித்ததே கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில்தான். அதில் கிரேஸ்கேல் போட்டால் என்ன மாறும்?

அச்சுக்கட்டு
கல்லூரி வாசலில் 14 வருஷம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 300 பக்கக் கணக்கை முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் அதிலேயே விளங்கிவிடும்.

பெட்டியில் போடுகிற 1500 என்பது, பக்கத்தில் சுமார் 5 சதவீத இடத்தில்தான் மை விழும் என்ற கணக்கில் போடுவது. சாதாரணக் கடிதம் ஒன்று கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழுக்கும். பவர்பாயிண்ட் 6 ஸ்லைடு போடும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7.6 செ.மீ. அகலம், 4.3 செ.மீ. உயரம் வரும். ஒன்றுக்கு 33 சதுர செ.மீ. பக்கம், ஆறுக்கும் சேர்த்து 196. ஏ4 தாள் 624 சதுர செ.மீ. ஆக பக்கத்தில் 31 சதவீதம் கருநீலம். அது சாம்பலாக மாறும்போது முக்கால்வாசிக்கு மேல் கறுப்பாகவே இருக்கும், 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 25 சதவீத மை. ஐந்து மடங்கு. 1500-ஐ ஐந்தால் வகுங்கள், உங்கள் 300 வந்துவிட்டது.

சிவா சொல்வதில் பாதி சரி. கிரேஸ்கேல் என்ற பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டும் செய்கிற வேலை வேறு. பிரிண்டர் பிராபர்டீஸில் இருப்பது கருநீலத்தைக் கருஞ்சாம்பல் ஆக்கும், அவ்வளவுதான், மை அதே மை. பவர்பாயிண்டின் சொந்த பிரிண்ட் பக்கத்தில் கடைசியாக Color என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் Grayscale அல்லது Pure Black and White என்று தேர்ந்தெடுத்தால் அது ஸ்லைடின் பின்னணியையே வெள்ளை ஆக்கிவிட்டு, எழுத்து எந்த நிறத்தில் இருந்தாலும் கறுப்பாக அடிக்கும். உங்களுக்கு வேண்டியது இது.

டோனர் சேவ் மட்டும் வேண்டாம். அதற்குப் பின்னணி எது எழுத்து எது என்று தெரியாது, எல்லாவற்றிலும் மையைக் குறைக்கும். பெரிய எழுத்துக் கடிதத்துக்கு ஓடும். உங்கள் 2.5-இல் இருக்கிற புள்ளி முதலில் சாகும்.

சிக்கனம்_சிவா
சரி அண்ணே, இரண்டு கிரேஸ்கேல் இருப்பது இன்றுதான் தெரிகிறது. ஆனால் டோனர் சேவ் போட்டு நான் அடித்த ரயில் டிக்கெட் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

வகுப்பறை_வாணி
அச்சுக்கட்டு அண்ணா, ரொம்ப நன்றி. உடனே பவர்பாயிண்டிலேயே Grayscale போட்டு ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். இப்போது இன்னும் மோசம்! பின்னணி கருஞ்சாம்பலாகவே இருக்கிறது, எழுத்து மட்டும் கறுப்பாகிவிட்டது. கறுப்பின் மேல் கறுப்பு. ஒன்றுமே தெரியவில்லை. Pure Black and White போட்டாலும் அதேதான்.

அச்சுக்கட்டு
நினைத்தேன். இறக்கிய டெம்ப்ளேட் என்றீர்களே, அதில் கருநீலம் பின்னணியாக இருக்காது, ஸ்லைடு முழுக்க ஒரு படத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். பவர்பாயிண்ட் பின்னணியைத்தான் வெள்ளை ஆக்கும். படம் என்றால் இரண்டு முறையிலும் சாம்பல் படமாகவே அடிக்கும், அதற்கு அது ஒரு போட்டோ. எழுத்தை மட்டும் தன் வழக்கப்படி கறுப்பாக்கிவிடுகிறது. கறுப்பின் மேல் கறுப்பு வந்தாலே இதுதான் காரணம் என்று கடையில் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன்.

கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதை மறக்காதீர்கள், ஒரு பேராசிரியர் மூலக்கோப்பிலேயே செய்துவிட்டு மறுநாள் கருத்தரங்கில் வெள்ளை ஸ்லைடோடு நின்றார். நகலில் View போய் Slide Master திறங்கள். இடப்பக்கம் மேலே பெரிதாக ஒன்று, அதன் கீழே சிறிதாகப் பல இருக்கும். பெரியதில் அந்தப் படத்தைக் கிளிக் செய்து டெலிட். கீழே இருக்கும் சிறியவற்றில் சிலவற்றுக்குத் தனிப் படம் இருக்கலாம், தலைப்பு ஸ்லைடுக்குக் கட்டாயம் இருக்கும், அதையும் எடுங்கள். கிளிக் செய்தால் பிடிபடவில்லை என்றால் அது பின்னணி நிரப்பலாக வைத்த படம்: வலது கிளிக், Format Background, Solid fill, வெள்ளை. பிறகு Close Master View.

இப்போது திரையில் வெள்ளை மேல் வெள்ளை எழுத்தாக ஒன்றுமே இல்லாதது போலத் தெரியலாம், பயப்படாதீர்கள். பிரிண்ட் பக்கத்தில் Grayscale போட்டால் எழுத்து கறுப்பாக வந்துவிடும்.

நல்லூரான்
நான் யாழ்ப்பாணத்தில் டியூசன் நடத்துகிறேன், எங்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. ரிசோ பிரதி இயந்திரத்தில்தான் 200, 300 பிரதி அடிப்போம். ரிசோ மை சூட்டில் உருகி ஒட்டுவதில்லை, தாளில் ஊறித்தான் காய வேண்டும். பெரிய கறுப்புப் பரப்பு வந்தால் அடுத்த தாளின் முதுகில் அப்படியே பதிந்துவிடும், பிள்ளைகளின் கையெல்லாம் கறுப்பு, வெள்ளைச் சட்டையும் போச்சு. இருபக்கம் அடிக்கவே ஏலாது. அதனால் நான் கறுப்புக் கட்டத்தில் வெள்ளை எழுத்து என்பதையே முற்றாக விட்டுவிட்டேன், தலைப்புக்கும் மேலே கீழே கோடு மட்டும்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். வெள்ளை எழுத்தைக் கறுப்பில் அடிக்கும்போது மை சுற்றிலும் சற்றுப் பரவி எழுத்தின் உள்ளே வந்துவிடும். அதனால் புள்ளி தூர்ந்துபோகும், ஐகாரக் கொம்பின் சுழிகூட அடைபட்டுவிடும். வாணி மிஸ்ஸின் 2.5 அப்படித்தான் 25 ஆகியிருக்கும்.

அச்சுக்கட்டு
@நல்லூரான் சரியாகச் சொன்னீர்கள். கறுப்பில் வெள்ளைப் புள்ளிதான் எப்போதும் முதலில் போகும்.

வகுப்பறை_வாணி
வேலை செய்கிறது! மாஸ்டரில் ஒரு பெரிய படம், கீழே மூன்று லேஅவுட்டில் தனித்தனிப் படம், நான்கையும் நீக்கினேன். பக்கம் பளிச்சென்று வெள்ளையாக வந்தது. ஆனால் நான் Pure Black and White போட்டேன், அதில் இழப்பு விகிதம் காட்டும் வட்ட வரைபடம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. இரும்பு இழப்பு எது, செம்பு இழப்பு எது என்று தெரியாமல் வெறும் வெட்டிய தோசை மாதிரி இருக்கிறது.

அச்சுக்கட்டு
அதனால்தான் Grayscale என்றேன். Pure என்பது கட்டம், வரைபடம் எல்லாவற்றின் நிரப்பலையும் வெள்ளையாக்கிவிடும். வெறும் எழுத்தும் கோடும் இருக்கிற ஸ்லைடுக்கு அதுவே சிறப்பு. ஒரே ஒரு வரைபடத்துக்காக மற்றதை விட வேண்டாம் என்றால் View-இல் Black and White திறந்து, அந்த வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, வருகிற பட்டியலில் Light Grayscale கொடுங்கள். அது ஒன்று மட்டும் லேசான சாம்பலில் வரும். Back To Color View கொடுத்தால் பழையபடி ஆகிவிடும், நிறம் எதுவும் கெடாது.

ஆனால் வட்ட வரைபடத்துக்கு நான் சொல்வது வேறு. ஓரத்தில் நிறக்குறிப்பு வைக்காமல், "செம்பு இழப்பு" என்று துண்டின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சிவப்பும் பச்சையும் சாம்பலில் பல நேரம் ஒரே சாம்பல்தான், எந்த அமைப்பைப் போட்டாலும் அது தீராது.

வகுப்பறை_வாணி
செய்துவிட்டேன். இப்போது மை பிரச்சினை முடிந்தது. ஆனால் எழுத்து இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது. கறுப்பாக, தெளிவாக, ஆனால் எறும்பு சைஸில். உடல் பகுதி 18 பாயிண்ட், படத்தில் குறிப்புகள் 14 பாயிண்ட் வைத்திருக்கிறேன், அது சின்னது இல்லையே?

பிடிஎஃப்_பித்தன்
18 என்பது ஸ்லைடில் 18. தாளில் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்தே கண்டுபிடிக்கலாம். பவர்பாயிண்டின் 16:9 ஸ்லைடு 33.9 செ.மீ. அகலம். அடித்த தாளில் ஸ்லைடின் அகலத்தை அளந்து 33.9-ஆல் வகுத்து, எழுத்து அளவால் பெருக்குங்கள். 7.6-ஐ 33.9-ஆல் வகுத்தால் 0.22. ஆக உங்கள் 18 பாயிண்ட் தாளில் 4 பாயிண்ட், 14 பாயிண்ட் வெறும் 3. மாத்திரை அட்டையின் முதுகு தோற்றது.

கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துபவர்கள் 33.9-க்குப் பதில் 25.4 போட வேண்டும், அங்கே ஸ்லைடே சின்னது. பழைய 4:3 பவர்பாயிண்டுக்கும் 25.4-தான்.

சிக்கனம்_சிவா
அப்படியானால் 6-க்குப் பதில் 3 ஸ்லைடு போட்டால் இரண்டு மடங்காகிவிடுமே?

பிடிஎஃப்_பித்தன்
அங்கேதான் பவர்பாயிண்ட் ஏமாற்றும். 3 ஸ்லைடு லேஅவுட்டில் வலப்பக்கம் குறிப்பெழுதக் கோடு போட்டுவிடும், ஸ்லைடு ஏறக்குறைய அதே 7.6 செ.மீ. அகலம்தான். தாள் இரட்டிப்பு, எழுத்து அப்படியே.

நான் கைப்பிரதி லேஅவுட்டையே தொடுவதில்லை. Full Page Slides, Grayscale என்று வைத்துக்கொண்டு Microsoft Print to PDF-க்கு அடித்து முதலில் ஒரு வெள்ளைப் பிடிஎஃப் எடுப்பேன். Save As கொடுத்து எடுக்கும் பிடிஎஃபில் நிறமெல்லாம் அப்படியே வந்துவிடும், அதனால் பிரிண்ட் வழிதான். பிறகு அந்தப் பிடிஎஃபை ரீடரில் திறந்து பிரிண்டில் Multiple, பக்கத்துக்கு 4, Landscape. ஒவ்வொரு ஸ்லைடும் 14 செ.மீ. அகலம் வரும், அதாவது 0.41. உங்கள் 18 இப்போது 7.4 பாயிண்ட், 14 கிட்டத்தட்ட 6.

லினக்ஸில் இருந்தால் ஒரு வரி போதும்:

```
pdfjam --nup 2x2 --landscape --paper a4paper --frame true slides.pdf --outfile out.pdf
```

இதில் `2x2 --landscape` என்பதை `2x4 --no-landscape` என்று மாற்றினால் நிமிர்ந்த தாளில் 8 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 10 செ.மீ.க்குச் சற்றே குறைவு. பவர்பாயிண்ட் 6 போடுவதைவிட நான் 8 போட்டால் ஸ்லைடு பெரிதாக இருக்கிறது, அவ்வளவு ஓரத்தை அது வீணடிக்கிறது.

மைக்கூடு
என்னிடம் பிபிடி இல்லை, வெளியாள் கொடுத்த கறுப்புப் பின்னணி பிடிஎஃப் மட்டும்தான். எனக்கு வழி உண்டா?

பிடிஎஃப்_பித்தன்
உண்டு, ஆனால் அழகான வழி இல்லை. ImageMagick வைத்து நிறத்தைத் தலைகீழாக்க வேண்டும், பழைய பதிப்பில் `magick` இல்லை என்றால் அந்த இடத்தில் `convert` போடுங்கள்:

```
magick -density 300 slides.pdf -colorspace Gray -negate -level 20%,80% out.pdf
```

கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். கடைசியில் உள்ள `-level` வெளிறிய சாம்பலை முழு வெள்ளைக்குத் தள்ளும், இல்லையென்றால் கருநீலம் லேசான சாம்பலாக மிஞ்சி அதற்கும் கொஞ்சம் மை போகும். இதன் விலை என்னவென்றால் போட்டோ இருந்தால் அது நெகட்டிவ் ஆகிவிடும், மனிதர்கள் பேயாகத் தெரிவார்கள். எழுத்தும் எழுத்தாக இருக்காது, எல்லாம் படமாகிவிடும், கோப்பும் பெருக்கும். உபுண்டுவில் `not allowed by the security policy` என்று மறுத்தால் policy.xml-இல் பிடிஎஃப் தடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் திறக்க மனமில்லை என்றால் `pdftoppm` வைத்துப் படங்களாகப் பிரித்துக்கொண்டு, முடிவையும் பிடிஎஃபாக இல்லாமல் படமாகவே எடுத்து அடியுங்கள், பிடிஎஃப் எழுதுவதையும் அது தடுக்கும்.

போட்டோ உள்ள பக்கங்களை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுவது என் வழக்கம்.

சிக்கனம்_சிவா
இவ்வளவு எதற்கு? பிரிண்டில் Outline என்று ஒன்று இருக்கிறதே. பின்னணியே கிடையாது, வெறும் எழுத்து, நல்ல பெரிதாக வரும்.

வகுப்பறை_வாணி
ஆசையாகப் போட்டுப் பார்த்தேன் சிவா. தலைப்புகளும் சில வரிகளும் மட்டும் வந்தன. படம் இல்லை, அட்டவணை இல்லை, நான் தனி டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து எழுதியதும் இல்லை. மின்மாற்றிப் பாடத்தில் படம் இல்லாமல் என்ன இருக்கிறது?

அச்சுக்கட்டு
ஆமாம், லேஅவுட்டில் ஏற்கெனவே இருக்கிற பெட்டியில் எழுதியதுதான் Outline-க்குத் தெரியும். வரலாறு, தமிழ்ப் பாடம் மாதிரி எழுத்தே நிறைந்த ஸ்லைடுக்கு சிவா சொல்வது நல்ல வழி.

வாணி மேடம், நகல் கோப்பில் இன்னொரு வேலையும் செய்யுங்கள். தலைப்பு ஸ்லைடு, "நன்றி" ஸ்லைடு, "கேள்விகள்?" ஸ்லைடு, ஒரே படத்தைப் படிப்படியாகக் காட்ட நான்கு தடவை வைத்திருப்பீர்களே, அதில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை, எல்லாவற்றையும் தூக்குங்கள். மிச்சமாகிற இடத்தில் ஸ்லைடைப் பெரிதாகப் போடலாம்.

அப்புறம் 60 பிரதி அடிக்கும் முன் இருப்பதிலேயே மோசமான பக்கம் ஒன்றை அடித்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸில் 2.5 தெரிகிறதா என்று பாருங்கள். வராத பையன் அடுத்த நாள் நண்பனிடம் வாங்கி ஜெராக்ஸ்தான் எடுக்கப்போகிறான்.

நல்லூரான்
அட்டவணையில் ஒன்றுவிட்ட வரிசைக்கு லேசான சாம்பல் போடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு அது இல்லாவிட்டால் நீள அட்டவணையில் வரி பிசகுகிறது. ஆனால் ரிசோவில் போட்டால் மணல் தூவியது மாதிரி வருகிறது.

அச்சுக்கட்டு
வேண்டவே வேண்டாம். லேசான சாம்பல் என்று ஒரு மை கிடையாது, கறுப்புப் புள்ளிகளை விலக்கி விலக்கி வைப்பதுதான் சாம்பல். அந்தப் புள்ளிகள் உங்கள் மெய்யெழுத்துப் புள்ளியின் அளவுக்கே கிட்ட வந்துவிட்டால் எது எழுத்து எது சாம்பல் என்று கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய கோடு போடுங்கள்.

பிடிஎஃப்_பித்தன்
இதில் அண்ணனோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். லேசரில் நேரடியாக அடித்து, எழுத்து 7 பாயிண்டுக்கு மேல் இருந்தால், 10 சதவீத சாம்பல் தொந்தரவு செய்யாது, மையும் பெரிதாகப் போகாது. ரிசோவும் ஜெராக்ஸும்தான் பிரச்சினை.

அச்சுக்கட்டு
நேரடி லேசரோடு நிற்கிற தாள் எங்கே இருக்கிறது தம்பி, எல்லாம் கடைசியில் ஜெராக்ஸ் கடைக்குத்தான் வரும் :)

வகுப்பறை_வாணி
முடித்துவிட்டேன், கணக்கு சொல்கிறேன். 48 ஸ்லைடு 40 ஆனது. பக்கத்துக்கு 4 வீதம் ஆளுக்கு 10 பக்கம், இருபக்கம் அடித்து 5 தாள். முன்பு 4 தாள். ஆக 60 தாள் கூடுதல், அதற்கு ஆபீஸில் ஒரு பார்வை பார்த்தார்கள். ஆனால் மாற்றிய கார்ட்ரிட்ஜில் 600 பக்கம் அடித்த பிறகும் டோனர் அளவு பாதிக்கு மேல் காட்டுகிறது, அதைக் காட்டியதும் பேசவில்லை.

14 பாயிண்ட் குறிப்புகளை நகலில் 18 ஆக்கினேன். சுற்றுப்படம் மூன்றில் அது இடிக்கிறது, அந்த மூன்றை மட்டும் தனியாக முழுப்பக்கம் அடித்து சுவரில் ஒட்டிவிட்டேன். ஜெராக்ஸ் சோதனையில் 2.5 தெரிகிறது. ஆனால் "ண்", "ன்" இரண்டும் மெல்லிய எழுத்துருவில் இன்னும் குழப்புகிறது. போல்டு போட்டால் சரியாகுமா?

நல்லூரான்
போல்டு போட்டால் சுழி அடைபட்டு ண, ன இரண்டும் ஒன்றாகிவிடும் மிஸ். நான் அளவைத்தான் ஒரு பாயிண்ட் கூட்டுவேன்.

பிடிஎஃப்_பித்தன்
எழுத்துருவைப் பொறுத்தது. சிலவற்றில் போல்டு என்றாலும் உள்வெளி விரிவாகவே இருக்கும். ஒரே வரியை நான்கு எழுத்துருவில், சாதாரணம் ஒன்று போல்டு ஒன்று என்று 6 பாயிண்டில் ஒரே தாளில் அடித்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

வகுப்பறை_வாணி
திங்கட்கிழமை அடித்து, ஜெராக்ஸும் எடுத்து, போட்டோ போடுகிறேன்.